வேலையைத் தொடங்கும் மெயில்: ஏப்ரல் 1-க்குள் இ-இன்வாய்ஸ்

பல பிரிவுகள் சேர்ந்து ஒரு தேதிக்குள் ஒரு வேலையை முடிக்க வேண்டியிருந்தால், அதைத் தொடங்கி வைக்க ஒரு மெயில் போக வேண்டும். ஐ.டி. நிறுவனங்களில் இதை 'கிக்-ஆஃப் மெயில்' என்பார்கள். என்ன முடிக்கப் போகிறோம், யார் எதற்குப் பொறுப்பு, இடையில் எந்தத் தேதியில் எது கைக்கு வர வேண்டும், முதல் கூட்டம் என்றைக்கு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். சிறு தொழில் நிறுவனங்களில் இந்த மெயில் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. முதலாளி வாய்மொழியாகச் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள், கடைசி வாரத்தில் ஓடுவார்கள். தேதியைத் தள்ளிப்போட முடிகிற வேலை என்றால் அப்படியும் ஒப்பேற்றிவிடலாம். தேதியைச் சட்டம் வைத்திருந்தால் முடியாது.

அப்படிப்பட்ட ஒரு வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், 240 வாடிக்கையாளர்கள், பில் போடுவது டாலியில். 2025-26 நிதியாண்டில் அதன் விற்பனை முதல்முறையாக 5 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இருக்கும் ஜிஎஸ்டி விதிப்படி, முந்தைய ஏதேனும் ஒரு நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். எனவே 2026 ஏப்ரல் 1 முதல் இந்த நிறுவனத்துக்கும் அது கட்டாயம்.

இ-இன்வாய்ஸ் என்றால் பில்லை மெயிலில் அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்குப் போடும் பில்லின் விவரங்களை அரசின் தளத்தில் பதிய வேண்டும். தளம் சரிபார்த்து 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற எண்ணையும் ஒரு க்யூஆர் கோடையும் திருப்பித் தரும். அந்தக் கோடு பில்லில் அச்சாக வேண்டும். அது இல்லாத பில் சட்டப்படி பில்லே அல்ல. வாங்கியவர் உள்ளீட்டு வரி வரவை எடுப்பதில் சிக்கல் வரும், அவர் உடனே பணத்தை நிறுத்துவார்.

இந்த வேலையைக் கணக்குப் பிரிவு மேலாளர் பிப்ரவரி 2, திங்கட்கிழமை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மெயிலில் என்ன இருக்க வேண்டும்?

நோக்கம்: கேட்டில் நிற்பவருக்கும் புரிய வேண்டும்

"இ-இன்வாய்ஸ் முறையைச் சிறப்பாக நடைமுறைப்படுத்துதல்" என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. ஏப்ரல் 1 காலையில் அது நிறைவேறிவிட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. டாலியில் அந்த வசதியை இயக்கிவிட்டாலே முடிந்தது என்று மென்பொருள் ஆள் சொல்வார். ஒரு பில் சரியாக வந்துவிட்டதே என்று கணக்கர் சொல்வார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "2026 ஏப்ரல் 1, புதன்கிழமை காலை முதல், ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்குப் போகும் எந்தச் சரக்கும், க்யூஆர் கோடு அச்சான பில் இல்லாமல் கேட்டைத் தாண்டாது." இதைக் கேட்டில் நிற்கும் காவலாளியே சோதித்துச் சொல்லிவிடலாம். நோக்கம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நான் நம்பும் சோதனை இதுதான். வேலையில் நேரடித் தொடர்பு இல்லாத ஒருவர், குறித்த நாளில் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிய வேண்டும்.

இந்த வேலையில் எது சேராது என்பதையும் கூடவே இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்குப் போடும் சில்லறை பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கிடையாது. சரக்கு இருப்புக் கணக்கை டாலிக்கு மாற்றுவது நெடுநாள் ஆசையாக இருக்கலாம், ஆனால் அதுவும் இதில் வராது. இதை எழுதாமல் விட்டால், "எப்படியும் டாலியைத் தொடுறோம், ஸ்டாக்கையும் சேர்த்து முடிச்சிடலாமே" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் ஆரம்பிப்பார். கூட்டம் அந்தப் பக்கம் போய்விடும்.

பொறுப்பு: பிரிவின் பெயர் போதாது

"வாடிக்கையாளர் பட்டியல் – விற்பனைப் பிரிவு" என்று எழுதினால் அந்தப் பட்டியலுக்கு யாருமே பொறுப்பில்லை என்று பொருள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும். அவருக்கு எத்தனை பேர் உதவுகிறார்கள் என்பது அவர் பாடு. கீழே தரும் மாதிரி மெயிலில் பதவியாகக் காட்டியிருக்கிறேன். உங்கள் மெயிலில் அந்த இடத்தில் பெயர் வரட்டும்.

பெயரை எழுதுவதற்கு முன் அந்த ஆளிடம் பேசிவிட வேண்டும். தன் பெயருக்கு எதிரே ஒரு தேதியை மெயிலில்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மனத்துக்குள் அதை ஏற்கவே மாட்டார். இந்த நிறுவனத்தில் விற்பனை மேலாளரிடம் அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"240 பேரோட ஜிஎஸ்டி நம்பரும் பின்கோடும் கேட்டுச் சரிபார்க்கோணும்ங்க. பிப்ரவரி 13-க்குள்ள ஆயிருங்களா?"

"வேற வேலையும் இருக்குதுங்களே. ஒரு நாளைக்கு இருபது பேரைக் கூப்பிடலாம்ங்க, அதுக்கு மேல ஓடாது."

நாளுக்கு இருபது என்றால் 240 பேருக்குப் பன்னிரண்டு வேலை நாள் வேண்டும். முதல் கூட்டம் வியாழக்கிழமை என்று வைத்தால், அது முடிந்து வெள்ளி, பிப்ரவரி 6 அன்று தொடங்கி, ஞாயிறு விட்டு எண்ணினால் 19-ஆம் தேதி முடியும். ஆகவே மெயிலில் 20 என்று போட வேண்டும். 13 என்று போட்டிருந்தால் மெயிலின் முதல் தேதியே பொய்த்திருக்கும். முதல் தேதி பொய்த்துவிட்டால் மற்றத் தேதிகளையும் யாரும் மதிப்பதில்லை.

முடிவெடுப்பவர் யார் என்பதையும் தனியாக எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாளியிடம் போவது என்று விட்டால் வேலை நின்றுவிடும். எனவே எந்த முடிவுகள் அவருடையவை என்று குறித்துவிடலாம்: டாலி பார்ட்னருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது ஒன்று, ஏப்ரல் 1-க்கு நாம் தயாரா இல்லையா என்று அறிவிப்பது இன்னொன்று. மற்றதெல்லாம் கணக்குப் பிரிவு மேலாளர் முடிவு. ஆடிட்டர் வெளியாள், அவரிடம் யோசனை கேட்கலாம், வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது. டாலி பார்ட்னருக்குத் தேதி உண்டு, ஆனால் அவரிடமிருந்து அதை வாங்கித் தருவதற்கு உள்ளே ஓர் ஆள் பெயர் வேண்டும்.

இடைத் தேதிகள்: முடிவிலிருந்து பின்னோக்கி

ஏப்ரல் 1-இல் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31, செவ்வாய், மகாவீர் ஜெயந்தி விடுமுறை. மார்ச் 19 தெலுங்கு வருடப் பிறப்பு, அதையடுத்து 21-ஐ ஒட்டி ரம்ஜான். கடைசி இரண்டு வாரம் ஆண்டு முடிவு என்பதால் கணக்குப் பிரிவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, விற்பனைப் பிரிவு இலக்கைத் தொட ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கனமான வேலையெல்லாம் மார்ச் இரண்டாவது வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். தயாரா இல்லையா என்ற முடிவை மார்ச் 18, புதன்கிழமைக்கு வைப்பதற்குக் காரணம் இதுதான். அன்று "இல்லை" என்று வந்தாலும், மாற்று வழிக்கு நாள் மிச்சம் இருக்கும். அரசு இலவசமாகத் தரும் எக்செல் கருவியில் பில் விவரத்தை நிரப்பித் தளத்தில் ஏற்றலாம். வேலை கூடும், ஆனால் சரக்கு நிற்காது.

ஒவ்வோர் இடைத் தேதியிலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும். "தரவுப் பணி 50 சதவீதம்" என்று எழுதினால் அதை யாரும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. "240 பெயரும் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல்" என்றால் முடியும்.

இந்த வேலையில் சிக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் இடைத் தேதிகளைச் சரியான இடத்தில் வைக்கலாம். டாலியில் அமைப்பை மாற்றுவது சிறு வேலை. தளம் பில்லைத் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் பழைய பட்டியல்தான். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் ரத்தாகியிருக்கும். பின்கோடு ஒரு மாநிலத்தையும் முகவரி இன்னொன்றையும் காட்டும். பொருளுக்கு ஹெச்எஸ்என் எண் நான்கு இலக்கத்தோடு நிற்கும். 5 கோடி வரை நான்கு போதும், தாண்டிய பின் ஆறு இலக்கம் வேண்டும்.

பில் எண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏப்ரல் 1 புது நிதியாண்டு என்பதால் புது வரிசை தொடங்குவோம். பல நிறுவனங்களில் வழக்கமாக அது 001/26-27 என்றுதான் தொடங்கும். பில் எண் பூஜ்யத்தில் தொடங்கினால் இ-இன்வாய்ஸ் தளம் ஏற்காது. சாய்கோட்டிலோ சிறு கோட்டிலோ தொடங்கினாலும் ஏற்காது. மொத்தம் 16 எழுத்துக்கு மேல் போகவும் கூடாது. இதை முன்கூட்டியே யோசிக்காத நிறுவனம், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும், ஏப்ரல் 1 காலையில் முதல் பில்லிலேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே "புது பில் எண் வடிவம்" என்பதை ஓர் இடைத் தேதிக்குரிய பொருளாகவே மெயிலில் எழுத வேண்டும். சோதனையையும் புது வடிவ எண்ணை வைத்துத்தான் செய்ய வேண்டும். பிப்ரவரி மாதத்துப் பில் எண்ணை வைத்துச் சோதித்தால் இந்தக் கோளாறு தெரியாமலே போய்விடலாம்.

முதல் கூட்டம்: தேதியை மேலே எழுதுங்கள்

பலர் கூட்டத் தேதியை மெயிலின் கடைசி வரியில் வைக்கிறார்கள். டெஸ்பாட்ச் பிரிவில் இருப்பவர் போனில் மெயிலைத் திறந்து நான்கு வரி படித்து மூடிவிடுவார். அந்த நான்கு வரிக்குள் நாள், கிழமை, மணி, இடம் இருக்க வேண்டும். தலைப்பு வரியிலும் இருந்தால் இன்னும் நல்லது. தேதியோடு கிழமையை எழுதும் பழக்கம் மிக உதவும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் யாராவது ஒருவர் உடனே கேட்டுவிடுவார்.

மெயில் திங்கள் போனால் கூட்டம் வியாழன். மூன்று நாள் இடைவெளியில் படிக்கவும், கொண்டுவர வேண்டியதை எடுத்துவைக்கவும் நேரம் கிடைக்கும். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் மெயில் மறந்துவிடும். முடிவு நேரத்தையும் எழுதுங்கள். ஒவ்வொருவரும் என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதைவிட முக்கியம், அந்தக் கூட்டத்தில் எந்தக் கேள்விக்கு விடை காணப் போகிறோம் என்பது. மெயிலிலேயே தீர்ந்த விஷயத்தைக் கூட்டத்தில் திரும்ப வாசிக்கத் தேவையில்லை. இந்த நிறுவனத்தில் உண்மையாகவே எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று உண்டு. பார்சல் லாரி இரவு ஏழு மணிக்கு வருகிறது, கணக்கர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறார். இதுவரை டெஸ்பாட்ச் ஆளே பில்லை அச்செடுத்துக் கொடுத்துவிடுவார். இனி ஏழு மணிக்கு ஐஆர்என் எடுப்பது யார்? தளம் பிழை காட்டினால் லாரியை நிறுத்தி வைக்கும் அதிகாரம் யாருக்கு? இதற்கு எல்லாப் பிரிவும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

இனி மெயிலைப் பார்ப்போம்.

தலைப்பு: இ-இன்வாய்ஸ் தொடக்கம் – முதல் கூட்டம் பிப். 5, வியாழன் காலை 11 மணி

அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 1 முதல் நமக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிறது. அதற்கான முதல் கூட்டம் பிப்ரவரி 5, வியாழன், காலை 11.00 முதல் 11.45 வரை, மாடியில் கணக்குப் பிரிவு அறையில் நடக்கும். கீழே பெயர் உள்ள அனைவரும் வர வேண்டும்.

நோக்கம்: 2026 ஏப்ரல் 1, புதன் காலை முதல், ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்குப் போகும் எந்தச் சரக்கும் க்யூஆர் கோடு அச்சான பில் இல்லாமல் கேட்டைத் தாண்டாது. சரக்கு திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டுக்கும் இது பொருந்தும். சில்லறை பில், ஸ்டாக் கணக்கு ஆகியவை இந்த வேலையில் சேரா.

பொறுப்பு:
முழு வேலைக்கும் – கணக்குப் பிரிவு மேலாளர் (நான்)
கூடுதல் செலவு, மார்ச் 18 முடிவு – நிர்வாக இயக்குநர்
வாடிக்கையாளர் பட்டியல் – விற்பனை மேலாளர்
பொருள் பட்டியல், ஹெச்எஸ்என் – ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்
டாலி அமைப்பு, டாலி பார்ட்னருடன் தொடர்பு – சீனியர் கணக்கர்
பில் அச்சு, கேட் சோதனை – டெஸ்பாட்ச் பொறுப்பாளர்
சட்ட விளக்கம் தேவைப்பட்டால் ஆடிட்டரிடம் நான் கேட்டுச் சொல்கிறேன்.

தேதிகள்:
பிப். 20, வெள்ளி – 240 வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண், முகவரி, பின்கோடு சரிபார்த்த பட்டியல்
பிப். 27, வெள்ளி – எல்லாப் பொருளுக்கும் ஆறு இலக்க ஹெச்எஸ்என். புது பில் எண் வடிவம். இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவு
மார்ச் 11, புதன் – எல்லா வகையிலும் சேர்த்து 20 மாதிரி பில்கள், சோதனைத் தளத்தில் ஏற்றி அச்செடுத்தவை
மார்ச் 18, புதன் – தயாரா, மாற்று வழியா என்ற முடிவு
மார்ச் 27, வெள்ளி – டெஸ்பாட்ச், கேட் ஆட்களுக்கு ஒத்திகை
ஏப்ரல் 1, புதன் – தொடக்கம்

கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியவை: விற்பனை – வாடிக்கையாளர் பட்டியல் அச்சு, ஸ்டோர்ஸ் – பொருள் பட்டியல், டெஸ்பாட்ச் – ஜனவரியில் போட்ட ஒவ்வொரு வகை பில்லிலும் ஒன்று.

கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. மாலை 6 மணிக்குப் பிறகு ஐஆர்என் எடுப்பது யார்? தளம் பிழை காட்டினால் லாரியை நிறுத்துவது யார்?

உங்கள் பெயருக்கு எதிரே உள்ள தேதி சரிதானா என்று நாளை (செவ்வாய்) மாலை 4 மணிக்குள் ஒரு வரியில் பதில் போடுங்கள். மாற்ற வேண்டுமானால் எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

நன்றி.
கணக்குப் பிரிவு மேலாளர்

ஒரு பக்கத்துக்குள் மெயில் முடிந்துவிட்டது. சட்ட அறிவிப்பின் நகலையோ பயிற்சி வீடியோவையோ இதோடு இணைக்கவில்லை. அவற்றைத் தேவைப்படுகிறவருக்கு மட்டும் தனியே அனுப்பலாம். பெறுநர் வரிசையில் பொறுப்புள்ளவர்கள் மட்டும் இருக்கட்டும், தகவலுக்காகத் தெரிய வேண்டியவர்கள் நகலில் வரட்டும். மெயில் பார்க்காத கேட் காவலாளிக்கும் லோடுமேன்களுக்கும், நோக்கம் என்ற பத்தியை மட்டும் அச்செடுத்து டெஸ்பாட்ச் அறைச் சுவரில் ஒட்டிவிடலாம்.

அனுப்பிய பிறகு வரும் பதில்களைக் கவனியுங்கள். ஐந்து பேரும் "ஓகே சார்" என்று மட்டும் போட்டிருந்தால் மெயிலை யாரும் தங்கள் வேலையோடு சேர்த்துப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். படித்தவருக்குக் குறைந்தது ஒரு கேள்வியாவது இருக்கும். "எக்ஸ்போர்ட் பில்லுக்கும் உண்டா சார்?" என்று ஒருவர் கேட்டால் அவர் படித்திருக்கிறார். உண்டு என்பதே பதில், அதை எல்லோருக்கும் போகும்படி அதே மெயிலின் கீழ் எழுதுங்கள். செவ்வாய் மாலை வரை பதிலே போடாதவரைப் புதன்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். இன்னொரு நினைவூட்டல் மெயில் போடுவதால் பயனில்லை.

தேதி மாறினாலும் புது மெயில் தொடங்காதீர்கள். அதே மெயிலுக்குப் பதிலாக, பழைய தேதி, புதுத் தேதி, காரணம் மூன்றையும் முதல் வரியில் எழுதுங்கள். ஏப்ரல் 1 மட்டும் மாறாது என்பதையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் இடைத் தேதி ஒன்று நகர்ந்தால் அதற்கடுத்த வேலைக்கு நாள் குறைகிறது. வாடிக்கையாளர் பட்டியல் பிப்ரவரி 20-இலிருந்து 28-க்குப் போனால், மாதிரி பில் போடக் கிடைக்கும் நாள் ஏறக்குறைய பாதியாகும் என்பதைத் தள்ளிப்போடக் கேட்பவர் பார்க்க வேண்டும்.

மார்ச் 27 ஒத்திகையில் டெஸ்பாட்ச் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒன்றை இப்போதே குறித்துவையுங்கள். ஐஆர்என் எடுத்த பில்லைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்யலாம், திருத்த முடியாது. அந்த பில்லுக்கு இ-வே பில் நடப்பில் இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். நேரம் கடந்துவிட்டால் கிரெடிட் நோட்தான். பழைய பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது போடும் பழக்கம் ஏப்ரல் 1-லிருந்து செல்லாது.

உங்கள் நிறுவனம் 5 கோடியை நெருங்குகிறது என்று தோன்றினால், மெயில் எழுதும் முன் ஆடிட்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விற்பனையை ஒவ்வொரு ஜிஎஸ்டி எண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்கிட மாட்டார்கள். ஒரே பான் எண்ணின் கீழ் இந்தியா முழுவதும் உள்ள எல்லாக் கிளைகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள், 2017-18 முதல் ஏதேனும் ஒரு நிதியாண்டில் தாண்டியிருந்தாலே போதும். ஓசூர் கிளையும் பெங்களூரு கிளையும் சேர்ந்து எப்போதோ 5 கோடியைத் தாண்டியிருந்தால், உங்களுக்கு ஏப்ரல் 1 வரை அவகாசம் இல்லை, கடமை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.